'உனக்கென்ன?': அதிகாலை மூன்று மணிச் சொல் எங்கிருந்து வருகிறது

குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். நேரம் அதிகாலை 3.15. குழந்தை ஐந்து நிமிடமாக அழுகிறது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவன் அசையவில்லை. "உங்களுக்கென்ன, நன்றாகத் தூங்குங்கள். நான் ஒருத்தி இருக்கிறேனே" என்கிறாள், அவன் காதில் விழும் அளவுக்கு. அவன் விழிக்கிறான். நடந்தது பாதிதான் புரிகிறது. வாயில் வருவது இது: "காலையில் எனக்கு வேலை இருக்கிறது. உனக்கென்ன, பகலில் தூங்கிக்கொள்ளலாம்."

இரண்டு வாக்கியங்களிலும் ஒரே சொல்தான் வெட்டுகிறது. 'உனக்கென்ன' என்று கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. உனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று தீர்ப்பையே சொல்லிவிடுகிறார். இதன் உறவினர்கள் 'ஒருநாளாவது', 'எப்போதும்', 'நான் மட்டும்தான்'. கைக்குழந்தை உள்ள வீடுகளில் பின்னிரவில் இவை சரளமாகப் புழங்கும். பல ஆண்டுகள் கழித்துப் பிரசவ நாட்களைப் பற்றிப் பேசும்போது சிலர் வலியைக்கூட மறந்திருப்பார்கள். இந்த ஒற்றை வாக்கியத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது என்று பார்க்க, இந்தக் கற்பனைத் தம்பதியின் இரவையே கணக்குப் போடுவோம். இருவரும் 10.45க்குப் படுக்கிறார்கள், 11 மணிக்குத் தூங்குகிறார்கள். 12.50க்குக் குழந்தை எழுகிறது. பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, டயபர் மாற்றி, தோளில் போட்டு நடந்து, படுக்க வைக்க 1.45 ஆகிறது. அவளுக்குத் தூக்கம் பிடிப்பது 2.05க்கு. 3.10க்கு மறுபடியும் அழுகை. அந்தச் சுற்று முடிந்து அவள் தூங்கும்போது 4.30, எழுவது 6.20. மொத்தம் நாலே முக்கால் மணி நேரம், மூன்று துண்டுகளாக.

அவன் 12.50க்கு விழித்தான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், 1.10க்குத் திரும்பத் தூங்கினான். 3.15க்குச் சொல்லால் எழுப்பப்பட்டான். பதிலுக்குச் சொன்ன பிறகு ஐந்து மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், 6.30க்கு எழுந்தான். கூட்டினால் ஐந்து மணி 25 நிமிடம். இருவருக்கும் இடையே வித்தியாசம் 40 நிமிடம்தான். ஆனால் அவள் மனத்தில் அவன் இரவு முழுவதும் தூங்கியவன். அவன் மனத்தில் அவள் பகல் முழுவதும் தூங்கக்கூடியவள்.

முதலில் அந்த மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். நாலே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குவதும் மூன்றாக வெட்டித் தூங்குவதும் ஒன்றல்ல. பெரியவர்களின் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது. எழுப்பப்பட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மேலோட்டமான உறக்கத்திலிருந்து மறுபடி இறங்கிப் போக வேண்டும். அவளுக்குக் கிடைத்த துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று முடிகிறது, அல்லது அதுவும் முடிவதில்லை. குழந்தையைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது, ஆனால் இரவு பகல் பார்த்து அல்ல. அதன் உடல் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஓடத் தொடங்கும். அதற்குள் ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும். 1962இல் பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் தாய்மார்களின் குறிப்பேடுகளிலிருந்து இதைக் காட்டினார். நம் தம்பதி அந்த உச்சத்துக்கு ஏறும் வழியில் இருக்கிறார்கள்.

துண்டான தூக்கம் மனநிலையை என்ன செய்கிறது என்பதை 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஃபினன் குழுவினர் சோதித்தார்கள். நலமான பெரியவர்களில் ஒரு பிரிவினரை இரவில் பலமுறை எழுப்பினார்கள். இன்னொரு பிரிவினரைத் தாமதமாகப் படுக்க வைத்தார்கள், ஆனால் இடையில் எழுப்பவில்லை. மொத்தத் தூக்கம் இரு பிரிவுக்கும் குறைவுதான். இரண்டாவது இரவுக்குப் பிறகு, எழுப்பப்பட்டவர்களின் நல்ல மனநிலை 31 விழுக்காடு சரிந்திருந்தது. தாமதமாகப் படுத்தவர்களுக்கு 12 விழுக்காடு. எரிச்சல், சோகம் போன்ற எதிர்மறை உணர்வுகளில் இரு பிரிவுக்கும் அப்படிப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. தூக்கமில்லாதவர் கோபக்காரர் ஆகிறார் என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். துண்டான தூக்கம் அதற்கு முன்பே வேறொன்றைத் திருடிவிடுகிறது: கனிவு, விளையாட்டு, 'சரி போகட்டும்' என்று விடும் தாராளம். சாதாரண நாளில் அவன் அசையாமல் கிடந்தால் அவள் காலால் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள், அவனும் முனகிக்கொண்டு எழுந்திருப்பான். அந்தத் தட்டுக்கு வேண்டிய சிறு உற்சாகம்தான் இப்போது கையிருப்பில் இல்லை. சோதனைக்கூடத்தில் மூன்று இரவுதான். இவர்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது.

அடுத்தது, அவன் ஏன் எழவில்லை என்ற கேள்வி. பல வீடுகளில் சண்டையின் முதல் குற்றச்சாட்டே 'தூங்குவதுபோல் நடிக்கிறாய்' என்பதுதான். நடிப்பவர்களே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கக் கடன் ஏறிய உடல் கிடைக்கும் நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்தையே முதலில் பிடித்துக்கொள்கிறது, ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவரை எழுப்புவதும் கடினம். ஆக, களைத்தவர்தான் அசையாமல் கிடப்பார். அப்படிக் கிடப்பதே அக்கறையின்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேலும், ஒன்றிரண்டு நிமிடம் விழித்துத் திரும்பத் தூங்கியது காலையில் நினைவில் இருக்காது. "இரண்டு தடவை கேட்டேன், 'ம்' என்றீர்களே" என்று அவள் சொல்வதும் உண்மை, "நீ கேட்கவே இல்லை" என்று அவன் சொல்வதும் அவனளவில் உண்மை.

எழுப்பப்பட்ட பிறகும் மூளை உடனே வேலைக்கு வந்துவிடுவதில்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பப்பட்டவருக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம்வரை, சில வேளை அதற்கும் மேலாக, மந்தம் நீடிக்கும். தூக்கக் கடனும் பின்னிரவு நேரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அவன் அந்தப் பதிலைச் சொன்னது விழித்து அரை நிமிடத்துக்குள்.

கடிவாளம் என்ன ஆனது? 2007இல் மேத்யூ வாக்கரும் சக ஆய்வாளர்களும், சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனத்தைக் கலைக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அச்சத்துக்கும் சினத்துக்கும் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 விழுக்காடு அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதியோடு அதற்கு இருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. ஒரு முழு இரவு விழித்தவர்களைப் பற்றிய ஆய்வு இது, பெற்றோரைப் பற்றியது அல்ல. அந்த எண்ணை அப்படியே படுக்கையறைக்குத் தூக்கி வர முடியாது. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது 2003இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. ஹான்ஸ் வான் டோங்கன் குழுவினர், ஆட்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே படுக்கையில் இருக்க விட்டார்கள். இரண்டு வார முடிவில் அவர்களின் கவனமும் வேகமும், முழு இரவு விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். திறன் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாவது வாரப் பெற்றோர் "நான் நிதானமாகத்தான் பேசுகிறேன்" என்று சொன்னால் அது பொய் அல்ல. அளக்கும் கருவியும் சேர்ந்து பழுதாகியிருக்கிறது.

இனி அந்த 40 நிமிடக் கணக்கு. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள், தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவரின் பங்கையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டியது. பொய் சொல்வதால் அல்ல. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, மற்றவர் செய்யும்போது நாம் அங்கே இருப்பதில்லை. கைக்குழந்தை வீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒருவர் உழைக்கும் நேரம்தான் மற்றவர் தூங்கும் நேரம்! அன்று மாலை ஏழரையிலிருந்து ஒன்பதே முக்கால்வரை குழந்தையைத் தோளில் போட்டு அவன் நடந்தது அவள் கண்ணயர்ந்த நேரத்தில். அவள் கணக்கில் அது பதிவாகவே இல்லை. அதுபோல அவன் கணக்கில் 1.10க்குப் பிறகு நடந்த எதுவும் இல்லை.

'பகலில் தூங்கிக்கொள்ளலாம்' என்பதையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த உரையாடலில் அதிகக் காயம் செய்வது அதுதான். குழந்தை பகலில் 40 நிமிடம் தூங்கினால், அவள் கை கழுவி, எதையாவது வாயில் போட்டுப் படுக்கப் பதினைந்து நிமிடம் போய்விடும். பகல் வெளிச்சத்தில், உடல் கடிகாரம் விழித்திரு என்று சொல்லும் நேரத்தில், எந்த நொடியும் அழுகை வரலாம் என்ற காவலோடு தூக்கம் பிடிக்க இன்னும் கால் மணி. மிஞ்சுவது பத்து நிமிடம். ஆழ்ந்த உறக்கத்தை அது தொடவே தொடாது. 'குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு' என்ற புகழ்பெற்ற அறிவுரை, கைக்குழந்தையோடு ஒரு பகலைத் தனியே கழிக்காதவர்கள் வாயிலிருந்து அதிகம் வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவனுக்கு இந்தக் கணிதம் தெரியாது. காலை ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் கண் செருகும்போது அவனுக்கு நேரும் அவமானம் அவளுக்கும் தெரியாது.

அப்படியானால் மூன்று மணிச் சொல் உண்மையா? 'களைப்பில்தான் மனத்தில் இருப்பது வெளியே வரும்' என்பது பரவலான நம்பிக்கை. குடிபோதைக்கும் இதையே சொல்வார்கள். நான் இதில் பாதியை ஏற்கிறேன். 'உனக்கென்ன' என்ற தீர்ப்பு அளவில் தவறு. மேலே போட்ட கணக்கே அதைக் காட்டிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குக் கீழே இருக்கும் புகார், அதாவது இரவின் இரண்டாம் பாதியில் எழுவது ஒருவர் தலையில்தான் விழுகிறது என்பது, பகலிலும் உண்மைதான். பெண்கள் வழக்கமாக இழப்பது அதிகம். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், முதல் குழந்தைக்குப் பிறகான முதல் மூன்று மாதங்களில் தாய்மார்களின் தூக்கம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. தந்தையருக்குச் சுமார் கால் மணி நேரம். ஆகவே சொல்லைத் தள்ளிவிடலாம், புகாரைத் தள்ளக் கூடாது. சொல்லோடு சேர்த்துப் புகாரையும் 'தூக்கக் கலக்கம்' என்று மூட்டை கட்டிவிடும் வீடுகளில் அது அடுத்த வாரம் அதே மணிக்குத் திரும்பி வரும்.

செய்யக்கூடியவற்றில் முதலிடம் பேச்சுக்கு அல்ல, தூக்கத்துக்கு. இருவரும் இரவு முழுவதும் பாதி விழித்திருப்பதைவிட, ஒவ்வொருவருக்கும் நான்கைந்து மணி நேரம் உடையாத ஒரு துண்டு கிடைக்கும்படி இரவைப் பிளப்பது நல்லது. நம் தம்பதிக்கு அது இப்படி அமையலாம். அவள் எட்டரைக்கே குழந்தையின் சத்தம் எட்டாத அறையில் படுக்கிறாள். ஒரு மணிவரை பொறுப்பு அவனுடையது. பத்தரையை ஒட்டி வரும் பசிக்கு, எடுத்துவைத்த தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கிறான். ஒரு மணிக்கு அவள் எழுகிறாள்; அவன் ஆறுவரை அந்தத் தனி அறையில் தூங்குகிறான். மணிக்கணக்கு முன்னைவிடப் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் ஆழ்ந்த உறக்கம் இருவருக்கும் ஒருமுறையாவது முழுதாகக் கிடைக்கிறது.

இதற்கு எல்லைகள் உண்டு. முதல் சில வாரங்களில் பால் ஊறும் அளவு நிலைப்படாதபோது நீண்ட இடைவெளி விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையலாம். எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவர் சொன்ன இடைவெளிதான் சட்டம். நேரடியாகத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் வேறு வழி இருக்கிறது: அவன் குழந்தையைத் தூக்கி வந்து கொடுக்கிறான், அவள் பால் கொடுத்து முடித்த நொடியில் வாங்கிக்கொண்டு போகிறான். ஏப்பம், டயபர், தோள் நடை எல்லாம் அவனுடையவை. முக்கால் மணிக்கு மேல் ஓடும் அவள் விழிப்பு 25 நிமிடத்தில் முடியும். யார் பொறுப்பில் இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. தூக்கம் சொக்கும் நிலையில் குழந்தையை மார்பில் போட்டுச் சோபாவில் சாய்வது குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஆபத்து. இந்த வாரங்களில் சண்டையைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

பேச்சு என்று வந்தால், பின்னிரவில் வேலைச் சொற்கள் மட்டும் என்று பகலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்வது பலன் தருகிறது. "எழுந்து டயபர் மாற்றுங்கள்" என்பது வேலைச் சொல். "எப்போது குடித்தது?", "தண்ணீர் வேண்டும்", "என்னால் முடியவில்லை, ஐந்து நிமிடம் வாங்கிக்கொள்" எல்லாம் வேலைச் சொற்களே. 'ஏன்' என்று தொடங்கும் எதுவும் வேலைச் சொல் அல்ல. அவன் விழிக்காவிட்டால் தோளைத் தொட்டு எழுப்பி, அவன் உட்காரும்வரை பொறுத்து, பிறகு சொல்வது நல்லது. காதில் விழட்டும் என்று முணுமுணுப்பது எழுப்புவதாகாது. பால் குடித்த நேரமும் டயபர் மாற்றிய நேரமும் ஒரு தாளில் இருந்தால் பாதிக் கேள்விகள் தேவைப்படாது. பெற்றோர் தூங்கிய நேரத்தை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். நான் இங்கே போட்ட 40 நிமிடக் கணக்கு கட்டுரைக்குச் சரி. வீட்டில் அது மறுநாளே வழக்கில் சாட்சியாகிவிடும்.

சொல் விழுந்த பிறகு? மறுநாள் இருவர் வயிற்றிலும் ஏதாவது விழுந்த பிறகு, சொன்னவர் அந்த வாக்கியத்தையே எடுத்துப் பேச வேண்டும். "பகலில் தூங்கலாமே என்று சொன்னேன், அது தவறு. நேற்று பகலில் உண்மையில் எவ்வளவு தூங்க முடிந்தது?" "தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே" என்பது மன்னிப்பு அல்ல, காயத்தின் செலவைக் கேட்டவர் தலையில் கட்டுகிறது. களைப்பு என்ற காரணத்தைக் கேட்டவர் தானாக எடுத்துக்கொண்டு சமாதானம் ஆகலாம். சொன்னவர் அதைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது.

தூக்கத்தின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிடவும் முடியாது. ஓர் எளிய சோதனை உண்டு: குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள, கதவு மூடிய அறையும் நேரமும் கிடைத்தும் தூக்கம் வரவில்லையா? அது களைப்பைத் தாண்டிய பதற்றமாகவோ பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாகவோ இருக்கலாம். மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது, ஓயாத எரிச்சலாகவும் வரும். தந்தையருக்கும் வரும், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் தெரியாமல் போகிறது. 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. மருத்துவரோ செவிலியரோ ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் வாரங்களில் தாய் தூக்கமே தேவையில்லை என்பதுபோல் பரபரப்பாக இருந்து, இல்லாததைக் கண்டாலோ கேட்டாலோ காத்திருக்கவே கூடாது, அன்றே மருத்துவமனை. நன்றாகத் தூங்கிய நாளிலும் பட்டப்பகலிலும் இழிவும் மிரட்டலும் வருகிறது என்றால், அதற்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் விளக்கம் ஆகாது. அழுகையைக் கேட்டுக் கை நடுங்கும் அளவுக்குச் சினம் வந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்ச் சில நிமிடம் நிற்கலாம். பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, உலுக்கினால் ஆகும்.

நம் தம்பதிக்குத் திரும்பினால், பதினோராம் வாரத்தில் அந்தக் குழந்தை ஒருமுறை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கக்கூடும். அன்று இருவரும் மூன்று மணிக்குத் தாமாகவே விழித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று தொட்டிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.